2019 ஸ்ப்ளெண்டர் பிளஸ் விற்பனைக்கு: குறையையும் காட்டுறேன், வந்து சோதிச்சுப் பாத்து வாங்குங்க

வணக்கம்ங்க. மதுரையில ஒரு ஸ்ப்ளெண்டர் பிளஸ் விற்பனைக்கு இருக்கு. 2019 ஜனவரி ரிஜிஸ்ட்ரேஷன், டிஎன் 58 வண்டி. பிஎஸ்4 இன்ஜின், கார்புரேட்டர் மாடல், செல்ஃப் ஸ்டார்ட், அலாய் வீல். ஒரே ஓனர். மீட்டர்ல 34,600 கிலோமீட்டர் காட்டுது. கேட்கிற விலை 41,000 ரூபாய். அது எப்படி வந்துச்சுன்னு கடைசியில கணக்கு போட்டே காட்டுறேன். அதுக்கு முன்னாடி வண்டியில என்ன குறை இருக்கு, நீங்க வந்தா எதை எப்படிப் பாக்கணும்னு பாத்துடலாம்.

குறை மூணு இருக்கு. முன் டயர் மாத்தணும். வலது பக்க ஃபோர்க்ல ஆயில் சீல் கசியுது. செயின் ஸ்ப்ராக்கெட் முடியிற நிலைமையில இருக்கு. டேங்க்ல இடது பக்கம் ஒரு கீறல் இருக்கு, அது பெயிண்ட்டோட நின்னுடுச்சு, தகரம் நசுங்கல. இன்ஜினைப் பிரிச்சதில்ல.

முதல்ல மீட்டர். பழைய வண்டி வாங்குறவங்க எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம் இதுதான். இந்த மாடல்ல இருக்கிறது முள்ளு மீட்டர். முன் சக்கரத்து ஹப்புல இருந்து ஒரு கேபிள் மேல வந்து மீட்டரைச் சுத்துது. அந்தக் கேபிள் அறுந்துபோனாலோ, கழட்டி விட்டு ஓட்டினாலோ கிலோமீட்டர் ஏறாது. அதனால மீட்டர் எண்ணை மட்டும் பாத்து நம்பாதீங்க, டயர்ல இருக்கிற எண்ணையும் பாருங்க. கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், இந்தா டயர் பக்கச் சுவர்ல ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு இலக்கம் தெரியுதா? 4718. அப்படின்னா 2018ஆம் வருஷம் 47ஆவது வாரம் தயாரான டயர். வண்டி ரிஜிஸ்டர் ஆனது 2019 ஜனவரி. அதனால இது கம்பெனியிலேயே மாட்டி வந்த டயர், இன்னும் மாத்தல. பின் டயர்ல 1022, அதாவது 2022 மார்ச்சு. பின் டயர் ஒரு தடவை மாறியிருக்கு, முன் டயர் அப்படியே இருக்குன்னா முப்பத்தஞ்சாயிரம் பக்கம்ங்கிற கணக்கு பொருந்துது. இதே வண்டி 34,000 காட்டி, முன் டயர் தேதி 2021ன்னு இருந்து, பின் டயரும் ரெண்டாவது தடவை மாறியிருந்தா நான் நம்ப மாட்டேன். பிரேக் பெடல் தேய்மானம், ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சர்வீஸ் பில்லுல எழுதின கிலோமீட்டர், இது மூணையும் சேர்த்துப் பாருங்க. பில்லு ஏழு இருக்கு, நேர்ல தர்றேன்.

அந்த முன் டயர்ல பட்டன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஆனா மாத்தணும்னுதான் சொல்றேன். பட்டன் நடுவுல பாருங்க, சின்னச் சின்ன விரிசல் ஓடுது. ஆறு வருஷத்துக்கு மேல ஆன ரப்பர் கெட்டியாயிடும், மழையில ஈர ரோட்டைப் பிடிக்காது. இந்த வண்டியில முன்னாடி டிரம் பிரேக்தான். ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிஸ்டத்தை 125 சிசி வரைக்கும் கட்டாயமாக்கினது 2019 ஏப்ரல்ல, இந்த வண்டி அதுக்கு முந்தினது. அதனால டயர் பிடிப்பை நான் சாதாரணமா விட மாட்டேன்.

அடுத்தது ஃபோர்க். துணியால ரெண்டு பக்கக் குழாயையும் துடைச்சுடுங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில்பாரை நல்லா அமுக்கி அமுக்கி விடுங்க, ஒரு பத்து தடவை. இப்ப குழாயைச் சுத்தி விரலை வச்சு வழிச்சுப் பாருங்க. இடது பக்கம் காஞ்சு இருக்கு. வலது பக்கம் விரல்ல எண்ணெய் ஒட்டுது, இதுதான் கசிவு. விக்கிறவங்க நிறைய பேர் வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடி இதைத் துடைச்சுடுவாங்க, அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும். அப்படியே விட்டா ஆயில் குறைஞ்சு, பிரேக் போடுறப்போ முன்பக்கம் சட்டுனு அமுங்கும். சீலை மாத்துறப்போ ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தி, புது ஆயில் ஊத்திடணும்.

செயின் விஷயம் இந்த வண்டியில கொஞ்சம் மறைவா இருக்கும், ஏன்னா முழுக்க மூடின செயின் கவர். கவரைக் கழட்டாமலே ஒரு அடையாளம் பாக்கலாம். ஸ்விங் ஆர்ம் பின் முனையில, ஆக்ஸில் போற இடத்துல வரிசையா கோடுகள் இருக்கும். செயின் தொய்யத் தொய்ய டைட் வைக்கிறப்போ அட்ஜஸ்டர் பின்னாடி நகந்துக்கிட்டே வரும். இதுல கடைசிக் கோட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. இன்னும் ஒரு தடவை வேணா டைட் வைக்கலாம், அதுக்கு மேல இடமில்ல. புதுசு போடுறப்போ செயினை மட்டும் மாத்தாதீங்க. தேஞ்ச பல்லு மேல புதுச் செயினைப் போட்டா அது சீக்கிரமே போயிடும். செட்டாத்தான் மாத்தணும்.

இப்ப வண்டி எங்கயாவது மோதியிருக்கான்னு பாக்குற வழி. ஒரு நீளமான நூல் போதும், மெக்கானிக் தேவையில்ல. ஸ்ப்ளெண்டர்ல முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு டயர், அதனாலதான் இந்த வழி சரியா வேலை செய்யுது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஹேண்டிலை நேரா வச்சுக்குங்க. ஸ்டாண்டுல இடிக்காத உயரத்துல நூலை இழுத்து, பின் டயரோட பக்கவாட்டுல முன் ஓரம், பின் ஓரம் ரெண்டுலயும் ஒட்டுற மாதிரி பிடிச்சு முன் டயர் வரைக்கும் கொண்டு போங்க. மறுபக்கமும் அதே மாதிரி. ரெண்டு பக்கமும் முன் டயருக்கும் நூலுக்கும் நடுவுல ஒரே இடைவெளி இருந்தா சக்கரம் ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குது. ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரல் நுழையிற அளவு இடைவெளி இருந்தா, ஒண்ணு பின் சக்கரத்தைக் கோணலா டைட் வச்சிருக்காங்க, இல்லன்னா ஃபோர்க்கோ சேஸிஸோ வளைஞ்சிருக்கு. முதல்ல அட்ஜஸ்டர் கோடு ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. இந்தா நானே பிடிச்சுக் காட்டுறேன், ரெண்டு பக்கமும் சமம்.

சென்டர் ஸ்டாண்டுல இருக்கிறப்பவே இன்னொண்ணும் பாத்துடுங்க. ஒருத்தர் பின் சீட்டை அமுக்கினா முன் சக்கரம் தூக்கும். ஹேண்டிலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல டக்குனு சிக்குற மாதிரி இருந்தா கோன் செட்டு, அதாவது ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங், போயிடுச்சு. இந்த வண்டியில அப்படிச் சிக்கல.

இன்ஜின் பாக்க காலையில வாங்க. வந்த உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க, இன்ஜின் மேல கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா யாரோ முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், அது ஆறுற வரைக்கும் காத்திருந்து பாருங்க. ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்றப்போதான் புகை உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் பண்ணின உடனே கொஞ்ச நேரம் மட்டும் நீலப் புகை வந்து நின்னா வால்வு சீல். ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க நீலமா வந்துக்கிட்டே இருந்தா பிஸ்டன் ரிங் இல்லன்னா போர் தேய்மானம், அது பெரிய செலவு. குளிர் காலையில லேசா வெள்ளையா ஆவி மாதிரி வந்து மறைஞ்சா பயப்பட வேண்டாம். இந்த வண்டியில புகை இல்ல. டேப்பெட் சத்தம் லேசா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணினா சரியாயிடும்.

ஓட்டிப் பாக்க லைசென்ஸும் ஹெல்மெட்டும் கொண்டு வாங்க. டாப் கியர்ல 40ல போறப்போ ஒரு ஏத்தத்துல முழுசா முறுக்குங்க. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்கலைன்னா கிளட்ச் பிளேட் வழுக்குது.

மைலேஜ். எண்பது தரும்னு சொல்லி விக்க மாட்டேன். ஃபுல் டேங்க் போட்டு, 214 கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்ல திரும்ப அதே மட்டத்துக்கு நிரப்பினப்போ 3.6 லிட்டர் பிடிச்சது. வகுத்தா லிட்டருக்கு 59 சொச்சம். டவுனும் பைபாஸும் கலந்து, ஒருத்தர் ஓட்டினது. இப்ப பங்க்ல வர்ற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்ல பழைய கணக்கைவிடக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ரிசர்வ்ல இருந்து ரிசர்வ் வரைக்கும்னு கணக்கு சொல்றவங்க இருக்காங்க, பங்க்ல ஊத்தினது சரியா எவ்வளவுன்னு தெரியாம அந்தக் கணக்கு நிக்காது.

பேப்பர். ஆர்சி ஒரிஜினல் கையில இருக்கு. லோன்ல எடுத்த வண்டிதான், லோன் முடிச்சு, பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35ம் கொடுத்து ஆர்சியில ஹைப்போதிகேஷன் கேன்சல் ஆயிடுச்சு. லோன் முடிச்சாலும் இந்தக் கேன்சலைப் பண்ணாம விட்ட வண்டிகள் நிறைய இருக்கு, அதை வாங்கினா பேர் மாத்துறப்போ நிக்கும். நான் சொல்றதை நம்ப வேண்டாம், வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்புல போட்டா ஃபைனான்ஸ், இன்சூரன்ஸ் தேதி, புகை சர்டிஃபிகேட் எல்லாம் வரும். ஃபைன் பாக்கி இருக்கான்னு echallan.parivahan.gov.in தளத்துல தனியா பாருங்க. இதுல ஹெல்மெட் ஃபைன் 1,000 ரூபாய் இருந்துச்சு, கட்டியாச்சு, ரசீது இருக்கு. நேர்ல வந்தா ஹேண்டிலுக்குக் கீழ கழுத்துல குத்தியிருக்கிற சேஸிஸ் நம்பரையும், இன்ஜின் நம்பரையும் ஆர்சியோட எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. நம்பர் இருக்கிற இடத்துல ராவின தடமோ புது பெயிண்ட்டோ இருந்தா வாங்காதீங்க.

ஓப்பன் ஃபார்ம்ல வண்டி தர மாட்டோம். அதாவது ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து, பேரை அப்புறம் மாத்திக்கங்கன்னு விடுறது இங்க கிடையாது. ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் 2018ல தீர்ப்பே சொல்லியிருக்கு. ஓனர் நேர்ல வந்து உங்க பேர், அட்ரஸ் எழுதின ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போடுவார். இன்சூரன்ஸ் நடப்புல இருக்கு, வாங்கின 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதி உங்க பேருக்கு மாத்திக்குங்க. ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

இப்ப விலைக் கணக்கு. இதே வருஷம், இதே மாடல், செலவில்லாத வண்டிக்கு 45,000ன்னு வச்சேன். முன் டயர் 1,700, ஃபோர்க் சீல் ரெண்டு பக்கமும் ஆயிலோட 600, செயின் செட்டு கூலியோட 1,300. மொத்தம் 3,600. கழிச்சா 41,400, அதுல 41,000 கேட்கிறேன். நான் சொல்லாத குறை எதையாவது நீங்க கண்டுபிடிச்சீங்கன்னா, அதைச் சரி பண்ற செலவை அங்கேயே கழிச்சுக்கலாம். சொல்லிட்ட மூணு குறைக்காக மறுபடி குறைக்கச் சொல்லாதீங்க. பேர் மாத்துற செலவு வாங்குறவங்களோடது.

காலை ஏழுல இருந்து ஒன்பது மணிக்குள்ள வாங்க, முதல் நாளே சொல்லிட்டா வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வச்சிருப்போம். உங்க மெக்கானிக்கையும் கூட்டிட்டு வரலாம். பாக்காம அட்வான்ஸ் யாரும் அனுப்ப வேண்டாம், வாங்க மாட்டோம். யாராவது இந்த வண்டி போட்டோவை வச்சு உங்ககிட்ட முன்பணம் கேட்டா, அது நாங்க இல்ல.