கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதாம், ஆனால் ரேடியேட்டரில் சோறு கொதிக்கிறது!

வணக்கம் மக்களே. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி சரியாகும்வரை மூன்று நாள் ஷெட்டில்தான் குடியிருந்தேன். போன வீடியோவில் என் வண்டி வெள்ளைச்சியைக் கொல்லிமலைக்கு ஏற்றியதைப் பார்த்தீர்கள். எழுபது வளைவும் ஏறி மேலே டீ குடித்ததோடு அந்த வீடியோ முடிந்தது. இறங்கி வந்த பிறகு நடந்ததை நான் காட்டவே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஒரு கால் ஊனமான மாதிரி தடுமாறியது. பின்னால் சைலன்சரில் வெள்ளைப் புகை. மார்கழிப் பனியில் எல்லா வண்டியும் காலையில் கொஞ்சம் வெள்ளையாக ஊதும், அது சைலன்சருக்குள் தங்கிய ஈரம். ஐந்து நிமிடம் ஓடினால் நின்றுவிடும். இது நிற்கவில்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஊதிக்கொண்டே இருந்தது, முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை. நீலப் புகை என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். இனிப்பு வாடையோடு நிற்காத வெள்ளை என்றால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் எரிகிறது என்று அர்த்தம்.

முதல் கடையில், சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றி ரேடியேட்டரைக் கழுவிக் கொடுத்தார்கள். அடுத்த நாளே ஹீட் முள் மேலே ஏறியது. இரண்டாவது கடையில் மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்த்தார்கள். 170, 160, 170 psi. "சார், கம்ப்ரஷன் சூப்பர், கேஸ்கட் கல்லு மாதிரி இருக்கு, வாட்டர் பம்ப்தான் மாத்தணும்" என்றார்கள். இரண்டு கடைக்கும் சேர்த்து 4,300 ரூபாய் அழுதுவிட்டேன். எனக்கு எரிச்சல் அந்தப் பணத்துக்காக இல்லை. சரி, பணத்துக்காகவும்தான். ஆனால் அந்த மீட்டரைக் காட்டிச் சத்தியம் செய்தார்களே, அதுதான் தாங்கவில்லை.

சிலிண்டருக்கு மேலே மூடும் ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே, வாயுவையும் கூலன்ட்டையும் பிரித்து வைக்கும் தகடுதான் கேஸ்கட். அதில் முடி அளவு வழி இருந்தால் கம்ப்ரஷன் மீட்டர் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்தச் சோதனையில் பெட்ரோல் எரிவதில்லை, ஸ்டார்ட்டர் சுழற்றுவதால் அமுங்கும் காற்று மட்டும்தான். அது பத்துப் பன்னிரண்டு பார். வண்டி மலை ஏறும்போது பெட்ரோல் எரிந்து வரும் அழுத்தம் அதைப்போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு போகும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைத்திருப்பதோ ஒரு பாருக்கும் குறைவு. அதனால் ஓடும்போது வாயு தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது. வண்டியை நிறுத்தியதும் கதை தலைகீழ். சிலிண்டரில் அழுத்தம் இல்லை, ரேடியேட்டரில் மிச்ச அழுத்தம் இருக்கிறது, கூலன்ட் அதே வழியாகச் சிலிண்டருக்குள் கசிகிறது. காலையில் தடுமாற்றமும் புகையும் அதனால்தான். ஒரே ஓட்டை, பகலில் ஒரு திசை, ராத்திரியில் இன்னொரு திசை.

ஹீட் ஏறுவதும் இதனால்தான். உள்ளே புகுந்த வாயு கூலன்ட்டைப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குத் தள்ளுகிறது, டப்பா நிறைந்து பொங்கிக் கீழே ஊற்றுகிறது. தெர்மோஸ்டாட் தண்ணீரில் நிற்காமல் வாயுவில் நின்றால் சரியாகத் திறக்காது. முள் மேலே போய் திடீரென்று இறங்கி மறுபடி மேலே போனதே, வீடியோவில் கவனித்தீர்களா? சென்சாரைச் சுற்றி ஒரு நேரம் தண்ணீர், ஒரு நேரம் வாயு.

சரி, கண்ணால் பார்ப்போம் என்று காலையில் என்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தேன். ஆறியிருந்தபோது என்பதை இரண்டு முறை சொல்கிறேன். மூடி போட்டிருக்கும்வரை உள்ளே நூறு டிகிரிக்கு மேலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் திறந்தால் அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

குமிழி வந்தது. சும்மா இல்லை, உலையில் சோறு கொதிக்கிற மாதிரி. ஆனால் குமிழி வந்தாலே கேஸ்கட் என்று சொல்லிவிட முடியாது. கூலன்ட் மாற்றிய வண்டியில் காற்று மாட்டியிருந்தாலும் குமிழி வரும். அது கொஞ்ச நேரத்தில் குறைந்து நின்றுவிடும். இது பதினைந்து நிமிடமானாலும் நிற்காது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடும். அப்புறம் இன்னொரு சோதனை, காசே வேண்டாம். குளிர்ந்த என்ஜினில் மூடியை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, விரிந்து அழுத்தம் கொடுக்க வழியில்லை. அப்போதே ஹோஸ் கல்லாக இருந்தால் அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது.

எனக்கு இதுவே போதும். ஆனால் இரண்டாவது கடைக்காரர் வாயை அடைக்க வேண்டுமே. அதனால் அந்த நீலத் தண்ணீர் கிட்டை வாங்கினேன். 1,850 ரூபாய். ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு ரப்பர் பல்பு, கண் சொட்டு மருந்து பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிய பாட்டிலில் நீலத் தண்ணீர். அவ்வளவுதான். 1,850! குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே தேங்கும் காற்றைப் பல்பால் இழுத்து நீலத் தண்ணீர் வழியாக விட வேண்டும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக இருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டிலிருந்து அந்த வாயு தானாக வராது. வந்தால் சிலிண்டரிலிருந்துதான்.

கிட்டில் வந்த ரப்பர் கூம்பு என் ரேடியேட்டர் வாய்க்குப் பொருந்தவில்லை! பக்கவாட்டில் காற்று நுழைந்தால் சோதனையே வீண். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன், வழுக்கியது. டேப் சுற்றினேன், சூட்டில் கழன்றது. கடைசியில் அம்மாவிடம் குக்கர் கேஸ்கட் கேட்டேன். கொடுக்கவில்லை, "உன் வண்டி கேஸ்கட் போனதுக்கு என் கேஸ்கட்டா?" என்றார். பழைய கேஸ்கட் ஒன்று பரண்மேல் இருந்தது, அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் செருகினேன், கச்சிதம். அம்மாவிடம் சொல்லாதீர்கள், அது பழையதுதானா என்று இப்போது எனக்கே சந்தேகம்.

அடடா, ஒன்றை விட்டுவிட்டேன். சோதனைக்கு முன்னால் ரேடியேட்டரில் இரண்டு விரல்கடை அளவு கூலன்ட்டை எடுத்துவிட வேண்டும். உங்களுக்கு வேண்டியது காற்று, தண்ணீர் இல்லை. முதல் முறை நான் எடுக்கவில்லை. பச்சைக் கூலன்ட் சர்ரென்று ஏறி நீலத் தண்ணீரோடு கலந்து, பாதி பாட்டில் சாக்கடைக்குப் போனது. 1,850இல் பாதி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது முறை முதலில் சைலன்சர் புகையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் ஆனது, சரி, தண்ணீர் வேலை செய்கிறது. நல்ல காற்றை இழுத்தேன், மறுபடி நீலம். அப்புறம் ரேடியேட்டர். என்ஜினைச் சூடாக்கி, பல்பை அமுக்கி அமுக்கி விட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பச்சையாகி, அப்புறம் எலுமிச்சை மஞ்சள். சத்தம் போட்டுவிட்டேன், பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

எந்தச் சிலிண்டர் என்பதையும் அங்கேயே பார்த்தேன். ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகச் சில நொடி கழற்றி மாட்டினேன். பெட்ரோல் போகாத சிலிண்டரில் வெடிப்பு இல்லை. முதல் சிலிண்டருடையதைக் கழற்றினால் குமிழி அப்படியே, மூன்றாவதைக் கழற்றினாலும் அப்படியே. நடு சிலிண்டருடையதைக் கழற்றியதும் உலை அடங்கியது. அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் எடுத்துப் பார்த்தேன். மற்ற இரண்டும் பழுப்பு, இது பீங்கான் தட்டு போல வெள்ளையாகக் கழுவியிருந்தது. நீராவி கழுவிய பிளக் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் இத்தனை சோதனையும் கேஸ்கட்டா ஹெட்டில் விரிசலா என்று பிரித்துச் சொல்லாது. இரண்டுக்கும் குமிழி ஒன்றுதான். ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றினோம். நடு சிலிண்டரைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்துக்கும் பக்கத்துத் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு, அரிசி நீளம்கூட இல்லை. ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்டீல் பட்டையை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் 0.12 மில்லிமீட்டர் வளைவு. என் வண்டிக்கு அனுமதி 0.05. கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடியிருந்தால் ஒரு மாதத்தில் திரும்பப் போயிருக்கும். அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள், விரிசல் இல்லை. பேசிங் போட்டு அடிப்பக்கத்தைச் சமமாக்கினார்கள், 900 ரூபாய். கேஸ்கட் செட் 1,100. பிரித்துப் பூட்டிய கூலி 4,500.

பூட்டும்போது மட்டும் நான் பக்கத்தில் நின்று நச்சரித்தேன். போல்ட் ஓட்டைக்குள் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் முறுக்கம் பொய் சொல்லும், பிளாக்கே வெடிக்கவும் கூடும். ஊதித் துடைக்க வைத்தேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார்கள். "கை அளவு தெரியும் சார்" என்றார் ஒரு பையன். தம்பி, உன் கை அளவு எனக்குத் தெரியாதே.

கமெண்டில் எழுதுகிறவர்களுக்கு. அடைக்கும் மருந்து பாட்டிலை ஊற்றச் சொல்லாதீர்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது, வாயு வருவது அதனால் நிற்காது.

சரி, இவ்வளவும் எதனால் வந்தது? மலையில் நாற்பதாவது வளைவு தாண்டியதும் முள் சிவப்புக்குப் போனது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மனசில்லை, இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அதைத்தான் வெட்டி எடுத்துவிட்டேன். ரேடியேட்டர் ஃபேன் ஃபியூஸ் போயிருந்தது. பதினைந்து ரூபாய்.

இப்போது நான்கு நாளாக ஓட்டுகிறேன். டப்பாவில் மார்க்கரால் போட்ட கோட்டிலேயே கூலன்ட் நிற்கிறது, காலையில் ஹோஸ் மெத்தென்று இருக்கிறது. மிச்ச நீலத் தண்ணீரைப் பக்கத்து வீட்டு மாமா தன் ஜீப்புக்குக் கேட்டார். அது டீசல். டீசல் சும்மா ஓடும்போது உள்ளே காற்று அதிகம், எரிந்த வாயு குறைவு, மஞ்சள் சரியாகத் தெரியாது. "அதுக்கு வேற தண்ணீர் இருக்கு மாமா" என்றேன். "அது எவ்வளவு?" என்றார். சொன்னேன். ஹோஸை அமுக்கிப் பார்க்கப் போய்விட்டார்.