பழைய பேப்பர் கட்டிங்: எந்தப் பத்திக்குப் பிறகு எந்தப் பத்தி? ஒரே ஒரு எழுத்து காட்டிக்கொடுக்கும்!

"பரிசளிப்பு விழாவில் கலெக்டர் பேசுகையில் நான்கு ஆடுகள் திருடு போயின."

இப்படி ஒரு செய்தி எந்தப் பேப்பர்லயும் வந்திருக்காது. ஆனா ஸ்கேன் பண்ணின கட்டிங்கை இடமிருந்து வலமா நேரா தட்டச்சு பண்ணினா, இதுதான் கிடைக்கும். இடது பத்தியில கலெக்டர், வலது பத்தியில ஆடு. நடுவுல இருந்த மெல்லிய கோடு ஸ்கேன்ல மங்கிப்போச்சு, அவ்வளவுதான்.

தட்டச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஸ்கேன் படத்தை அச்செடுத்து, அதுல ஒவ்வொரு பத்திக்கும் பென்சில்ல நம்பர் போட்டுடுங்க. தலைப்பு எத்தனை பத்தி அகலத்துக்கு நீளுதோ, அதுக்குக் கீழே உள்ள அத்தனை பத்தியும் பெரும்பாலும் அந்தச் செய்தியோடது. அடிப்படை இவ்வளவுதான். இப்ப ஒரு கட்டிங்கை எடுத்துப் பார்த்துடலாம்.

(திரையில்: மாதிரி கட்டிங்)

இது நான் விளக்கத்துக்காகத் தயார் பண்ணினது. மேலே மூணு பத்திக்கும் சேர்த்து ஒரே தலைப்பு: "ஏரிக்கரை உடைந்தது, வயல்களில் வெள்ளம்". முதல் பத்தி மேலிருந்து கீழ் வரைக்கும் முழுசா ஓடுது. இரண்டாவது, மூணாவது பத்திகளோட தலையில ஒரு போட்டோ உட்கார்ந்திருக்கு. போட்டோவுக்குக் கீழே ஒரு வரி, அதுக்கும் கீழே ரெண்டு பத்தியிலயும் செய்தி. அடியில கட்டம் கட்டி ஒரு சின்ன செய்தி: "நிவாரணம் பெற யாரை அணுகலாம்?"

முதல் பத்தியோட கடைசி வரி "பஞ்சாயத்து உறுப்பி" என்று முடியுது. அடுத்து எங்கே போகணும்? கண்ணு நேரா போட்டோவுக்குக் கீழே உள்ள வரிக்குத்தான் ஓடும். "பஞ்சாயத்து உறுப்பி உடைந்த கரையைப் பார்வையிடும் அதிகாரிகள்." சேரலை. அது படக்குறிப்பு. எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு, போட்டோ அகலத்துக்கு ரெண்டு பத்தியையும் தாண்டி ஓடுது பாருங்க. அதைத் தாண்டி இரண்டாவது பத்திக்கு வாங்க: "னர்களும் இளைஞர்களும் மணல் மூட்டைகளை அடுக்கினர்." உறுப்பி, னர்களும். உறுப்பினர்களும்! பூட்டும் சாவியும் மாதிரி பொருந்திடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நின்னு பேசுறேன். ஆங்கிலப் பேப்பர்ல வரிக் கடைசியில சொல்லை உடைச்சா ஒரு சின்னக் கோடு போடுவாங்க. தமிழ்ப் பேப்பர்கள்ல பெரும்பாலும் எந்த அடையாளமும் போடாம உடைச்சுட்டு, மிச்சத்தை அடுத்த வரியில வைப்பாங்க. பத்தி முடியிற இடத்துலயும் அதே கதைதான். நமக்கு அது பெரிய லாபம். ஏன்னா பள்ளிக்கூடத்துல படிச்ச மொழிமுதல் எழுத்துகள் ஞாபகம் இருக்கா? ண, ழ, ள, ற, ன இதெல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. அதனால ஒரு பத்தியோட உச்சியில "ன", "ள", "ற" வரிசை எழுத்து நின்னா, அது எங்கேயோ பாதியில அறுந்த சொல்லோட வால்தான். தலையைத் தேடிப் பிடிங்க. ட, ர, ல மட்டும் உஷார்: டாக்டர், ரயில், லாரி எல்லாம் பேப்பர்ல தினமும் வரும்.

இரண்டாவது பத்தி கட்டத்துக்கு மேலே "நெற்பயிர் நீரில் மூழ்கியுள்" என்று நிக்குது. கீழே உள்ள கட்டத்துக்குள்ளே இறங்காதீங்க. மூணாவது பத்தியோட உச்சி: "ளதாக தாசில்தார் தெரிவித்தார்." வேலை முடிஞ்சுது.

ஆக வரிசை: தலைப்பு, ஒன்று, இரண்டு, மூணு. அதுக்கப்புறம்தான் [படக்குறிப்பு], [பெட்டிச் செய்தி] என்று தனி அடையாளத்தோட மத்தது. படக்குறிப்பை படம் இருக்கிற இடத்துலேயே, செய்திக்கு நடுவுல போடணும்னு சிலர் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். "உறுப்பினர்களும்" என்ற சொல் அங்கேயே ரெண்டாகிடும், பிறகு கோப்புல தேடினா கிடைக்காது.

போட்டோ ஒரு பத்திக்கு நடுவுல வந்தா, அதைத் தாண்டி அதே பத்தியில கீழே தொடருங்க. ஆனா குறுக்கே ரெண்டு பத்தி அகலத்துக்கு ஒரு தலைப்பு வந்தா தாண்டாதீங்க, அங்கே வேற செய்தி ஆரம்பிக்குது. ஒரு பத்தி அகலத்துக்குள்ளேயே அடங்கின சின்னத் தலைப்பு பெரும்பாலும் அதே செய்தியோட உள்தலைப்புதான்.

சிக்கல் எங்கே வரும்னா, பத்தி "என்று அவர் கூறினார்." என்று முற்றுப்புள்ளியோட முடிஞ்சு, அடுத்தது புது பாராவா ஆரம்பிக்கும்போது. அறுந்த சொல் இல்லை, சாட்சியும் இல்லை. ஒட்டி வச்சவங்க பத்திகளைத் தனித்தனியா வெட்டி இடம் மாத்தி ஒட்டியிருந்தா இன்னும் சிரமம். அப்ப ஆட்களைப் பாருங்க. ஒருத்தரோட பதவியும் பெயரும் முழுசா வர்ற பத்தி முன்னாடி வரும், வெறும் "அவர்" வர்ற பத்தி பின்னாடி வரும். அதுலயும் தெளியலையா? அந்த இடத்துல [இணைப்பு ஊகம்] என்று போட்டுட்டு, ஸ்கேன் படத்தையும் கூடவே சேமிச்சு வைங்க.

உங்க வீட்டுக் கட்டிங்ல பத்தி உச்சியில என்ன எழுத்து நிக்குதுன்னு கமெண்ட்ல போடுங்க. "ழ"ல ஆரம்பிக்கிற பத்தி யாருக்காவது கிடைச்சா, அதை அடுத்த வீடியோவுல எடுத்துப் பார்க்கலாம்.