வேலையை விட்ட பின் 90 நாள்: ஈசாப் பங்கும் அதன் வரியும்

வணக்கம் நேயர்களே. நான் சென்னையில் ஆடிட்டராக இருக்கிறேன். ஸ்டார்ட்அப் வேலையை விட்டுவிட்டு, குறித்த விலையில் நிறுவனப் பங்கை வாங்கும் உரிமையை ஊழியருக்குத் தரும் ஈசாப் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி வருவார்கள். அவர்களில் பலர் தாமதமாக வருகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அதனால் இன்றைக்கு ஒரே ஒருவருடைய கணக்கை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போகலாம் என்று நினைக்கிறேன்.

அவர் ஒரு மென்பொருள் ஸ்டார்ட்அப்பில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். 3000 ஆப்ஷன், அதாவது 3000 பங்கு வாங்கும் உரிமை, முழுதும் வெஸ்ட் ஆகிவிட்டது, அதாவது அவருடையதாகிவிட்டது. ஒரு பங்குக்கு அவர் கட்ட வேண்டிய விலை 10 ரூபாய். பிப்ரவரி 10 அவருக்குக் கடைசி வேலை நாள். பணம் கட்டி ஆப்ஷனைப் பங்காக மாற்றிக்கொள்ள, அதைத்தான் எக்ஸர்சைஸ் என்கிறார்கள், 90 நாள் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தால் மே 11. அதற்குள் மாற்றவில்லை என்றால் நான்கு வருட உரிமையும் காலாவதி.

இந்த 90 நாள் நம் நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வெஸ்ட் ஆகாதது ராஜினாமாவோடு போய்விடும், வெஸ்ட் ஆனதற்கு எத்தனை நாள் தருவது என்பதை நிறுவனமே தன் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், கம்பெனி சட்ட விதிகள் சொல்வது அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு வகை ஆப்ஷனுக்கு, வேலையை விட்டு மூன்று மாதத்துக்குள் மாற்றினால்தான் வரிச் சலுகை. அங்கே 90 நாள் பழக்கமாகிப்போனதற்கு அது காரணம். இங்கே நிறுவனம் மனது வைத்தால் நீட்டிக்கலாம், ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் எண்ணுவது ராஜினாமா கடிதத்தின் தேதியிலிருந்தா, கடைசி வேலை நாளிலிருந்தா என்பதையும் பார்த்துவிடுங்கள், திட்டத்துக்குத் திட்டம் அது மாறும்.

சரி, நம்மவர் 30,000 ரூபாய் கட்டினால் பங்கு வந்துவிடும் என்று நினைத்திருந்தார். மார்ச் முதல் வாரம் நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் இருந்த தொகை 7,78,800 ரூபாய். ஏதோ தப்பு என்று பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

தப்பில்லை. பங்குச் சந்தைக்கு வராத நிறுவனத்தின் பங்குக்கு, செபியில் பதிவுபெற்ற மெர்ச்சன்ட் பேங்கர் ஒருவர் மதிப்பு போட்டுக் கொடுப்பார். நம்மவருடைய நிறுவனத்தில் அது 810 ரூபாய். பத்து ரூபாய் கட்டி 810 ரூபாய் பொருளை வாங்குகிறீர்கள், அந்த 800 ரூபாய் வித்தியாசம் உங்களுக்குச் சம்பளம் என்கிறது வருமான வரிச் சட்டம். வேலையை விட்டுவிட்டாலும் முன்னாள் முதலாளி கொடுத்தது சம்பளம்தான். 3000 பங்குக்கு 24 லட்சம். அந்த நிதியாண்டில் அவருக்கு ஏற்கெனவே, ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்கிற நிலைக்கழிவு போக, 24 லட்சம் சம்பள வருமானம் இருந்தது. 2025 ஏப்ரல் முதல் உள்ள புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக 7,48,800. நிறுவனம் வரிப்பிடித்தம் செய்தே ஆக வேண்டும், வேலையை விட்டவருக்குச் சம்பளமே இல்லையே, எதிலிருந்து பிடிப்பது? அதனால் முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு பங்கு என்கிறார்கள்.

இங்கே எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்று 2020 நிதிச் சட்டத்தில் வழி செய்தார்கள். ஆனால் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ அந்தச் சலுகை முடிந்தது, 14 நாளுக்குள் வரி கட்டப்பட வேண்டும். வேலையில் இருக்கும்போதே எக்ஸர்சைஸ் செய்து வரியைத் தள்ளிவைத்தவர்களுக்கு, ராஜினாமா செய்யும்போதுதான் அந்தப் பழைய பில் வந்து நிற்கிறது. பணம் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

அவரிடம் நான் முதலில் கேட்டது, அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று. கோவையில் முழுநேரப் படிப்பு, ஒரு வருடம் சம்பளமே இருக்காது என்றார். அப்படியென்றால் மார்ச்சில் எதுவும் செய்யாதீர்கள், ஏப்ரலில் செய்யுங்கள் என்றேன். பங்கு எந்த நிதியாண்டில் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படுகிறதோ அந்த ஆண்டின் வருமானமாகத்தான் இது கணக்காகும். அவருடைய 90 நாளோ மார்ச் 31ஐத் தாண்டி மே வரை ஓடுகிறது. ஏப்ரலில் ஒதுக்கினால் அந்த ஆண்டுக்கு அவர் வருமானம் இந்த 24 லட்சம் மட்டும்தான், அதில் 75,000 நிலைக்கழிவு போகும், மீதிக்குக் கீழ்ப்படிகளிலிருந்து வரி ஏறிவரும். செஸ்ஸோடு 2,92,500. அதே பங்கு, அதே விலை, வரியில் மட்டும் 4,56,300 ரூபாய் குறைகிறது. உடனே இன்னொரு வேலையில் நல்ல சம்பளத்துக்குச் சேர்கிறவருக்கு இந்த வழி உதவாது, இரண்டு வருடமும் அவர் மேல்படியில்தான் இருப்பார்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. காத்திருக்கும்போது புதிய முதலீடு வந்து மதிப்பு 810லிருந்து ஏறிவிட்டால்? மதிப்பீட்டு அறிக்கை எக்ஸர்சைஸ் நாளுக்கு முந்தைய 180 நாளுக்குள் போட்டதாக இருந்தால் போதும். தேதி என்ன என்று நிறுவனத்தைக் கேட்கச் சொன்னேன். டிசம்பர் 15 என்றார்கள். மே வரை அது செல்லும், புதிய முதலீட்டுப் பேச்சும் இல்லை.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி, முழுவதையும் வாங்க வேண்டுமா? 1500 பங்கு மட்டும் வாங்கினால் சம்பளமாகக் கருதப்படும் தொகை 12 லட்சம், நிலைக்கழிவு போக 11.25 லட்சம். 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. வெறும் 15,000 ரூபாயில் பாதிப் பங்கு வந்துவிடும். வங்கி வட்டி மாதிரி வேறு வருமானம் 75,000க்குள் இருக்க வேண்டும், இந்தியாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும், வெளிநாடு போய்விட்டவருக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது. மீதி 1500ஐயும் வாங்கினால் கூடுதலாக 3,07,500 ஆகும். அதாவது முதல் பாதி பங்கு 10 ரூபாய், இரண்டாம் பாதி 205 ரூபாய்.

205 கொடுத்து 810 ரூபாய் பங்கு வாங்குவது லாபம்தானே என்று கேட்டார். அந்த 810 ஒரு காகிதத்தில் இருக்கிற எண். தனியார் நிறுவனப் பங்கை நினைத்தபோது விற்க முடியாது, யாருக்கு விற்கலாம் என்பதற்கே கட்டுப்பாடு இருக்கும். சில வருடம் கழித்து 300க்குத்தான் போனது என்றால், 810ஐயே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்வதால் பங்குக்கு 510 ரூபாய் நஷ்டக் கணக்கு வரும், ஆனால் அது மூலதன நஷ்டம், மூலதன லாபத்தில்தான் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. கட்டிய வரி திரும்பி வராது. மார்ச்சிலேயே 7,48,800 வரி கட்டியிருந்தால், 3000 பங்கையும் 300க்கு விற்றாலும் எல்லாம் போக 1,21,200 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும்.

நிறுவனத்தின் கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று பழைய சக ஊழியர்களிடம் விசாரித்தார். தெளிவான பதில் வரவில்லை. ஏப்ரல் இரண்டாவது வாரம் டீமேட் கணக்கு விவரத்தோடு 1500க்கு மட்டும் விண்ணப்பம் கொடுத்தார், மாதம் முடிவதற்குள் ஒதுக்கிவிட்டார்கள். பட்டியலிடாத பங்கு கையில் இருப்பதால் இனி ஐடிஆர்-1 படிவம் ஆகாது, ஐடிஆர்-2 போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மீதி 1500 மே 11 அன்று காலாவதியானது. அந்த மூன்று லட்சத்தைப் படிப்புக் கட்டணத்துக்கு வைத்துக்கொண்டார்.