முகாமில் வாங்கிய மனு எங்கே போனது?
(தருமபுரியில் சட்ட மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதுநிலைச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்களே, உங்கள் முன் நிற்பதற்குக் காரணம் சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு நோக்க அறிக்கை. அதை எழுதிய மாணவி இரண்டு ஆண்டுகள் பென்னாகரம் வட்டத்துச் சட்ட உதவி முகாம்களில் மனு எழுதிக் கொடுத்தவர். ஆனால் அறிக்கையில் இருந்ததெல்லாம் எத்தனை முகாம், எத்தனை பயனாளிகள் என்ற கணக்கும், ஏழைகளுக்கு நீதி கிடைக்க வேண்டும் என்ற ஆசையும்தான். தேர்வுக் குழு அதை வைத்துக்கொண்டு இவருக்கு எதைப் பற்றிச் சிந்திக்கத் தெரியும் என்று எப்படி அறியும்? "நீ எழுதிய மனுக்களில் ஒன்று பிறகு என்ன ஆனது என்று சொல்லம்மா" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, ஏரியூர்ப் பக்கத்து விதவை ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் கணவர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். மாமனார் பெயரில் பட்டாவுள்ள, அவரே சம்பாதித்த மூன்று ஏக்கர் நிலத்தில் கணவரின் அண்ணனும் தம்பியும் கேழ்வரகு பயிரிடுகிறார்கள். மாமனாரும் மாமியாரும் உயிரோடு இல்லை. உயில் எதுவும் இல்லை. பெண் மக்களும் கிடையாது. மாமனார் முதலில் இறந்தாரா, கணவர் முதலில் இறந்தாரா என்பதில் முகாமிலேயே ஒரு குழப்பம் எழுந்ததாம். மாமியார் அவர்கள் இருவருக்கும் முன்பே இறந்துவிட்டதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எப்படியானாலும் அந்தக் கிளைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஏக்கர் உண்டு. அதை அவரும் இரண்டு குழந்தைகளும் பகிர்ந்துகொள்வார்கள். மாறுவது ஆவணங்களின் வரிசை மட்டுமே. இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும் என்பதால் சான்றிதழை பெங்களூருவிலிருந்து வாங்கி வந்தபிறகே இங்கே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. மாணவி எழுதிய மனு பட்டா மாற்றத்துக்கானது. பங்கில் தகராறு இருப்பதால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகும்படி அது திரும்பி வந்தது. சொத்துரிமைத் தகராறைத் தீர்த்துவைப்பது வட்டாட்சியரின் வேலை அல்ல என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியதே.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கதையை நிறுத்திவிடுவார்கள். மாணவி நிறுத்தவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண் என்ற ஒரே தகுதியிலேயே, வருமான வரம்பு பார்க்காமல், இலவச சட்ட உதவி கிடைக்கும் என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கி, வட்ட சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பம் கொடுக்க வைத்தார். விஷயம் வழக்காவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்ப்பது என்று முடிவானது. அங்கே கொழுந்தனார்கள் கொடுப்பதாகச் சொன்னது முப்பது சென்ட். அந்தப் பெண் தலையாட்டிவிட இருந்த நேரத்தில்தான் மாணவி உடனிருந்து, ஒரு ஏக்கர் என்ற கணக்கை அவரிடம் மீண்டும் சொல்லியிருக்கிறார். பேச்சு ஒத்திவைக்கப்பட்டது.

அவர் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மக்கள் நீதிமன்றத் தீர்வு அதே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம்; மேல்முறையீடு இல்லை. அதை எதிர்க்க வேண்டுமானால், மிகக் குறுகிய காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி ஒன்றே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஜலோர் சிங் வழக்கில் கூறிவிட்டது. நிலுவையில் உள்ள வழக்கில் சிறுவர்களின் பங்கைச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை, 7ஆம் விதி பாதுகாக்கிறது. வழக்கே தொடராத நிலையில் அந்தப் பாதுகாப்பு அந்தக் குழந்தைகளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? தம் பங்கு எவ்வளவு என்றே தெரியாமல் சம்மதிக்கும் தாயின் சம்மதத்தைச் சரிபார்க்க எந்த விதி இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகள்தான் அந்த மாணவி முதுநிலையில் படிக்க வேண்டிய பொருள். எண்ணிக்கைகளுக்குள் அவை புதைந்து கிடந்தன.

இதை எப்படி எழுதுவது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் பத்தியில் ஒரு மனு, அது திரும்பி வந்த காரணம். அடுத்து, அது எழுப்பிய சட்டக் கேள்வி. பிறகு நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பில் எந்தப் பாடமும் எந்த ஆய்வும் அதற்கு உதவும் என்பது. ஊர்ப் பெயரையும் பெண்ணின் பெயரையும் எழுதாதீர்கள். அவர் நம்பிச் சொன்னவை உங்கள் விண்ணப்பத்துக்காகச் சொன்னவை அல்ல. மாணவராக நீங்கள் செய்தது மனு எழுதியதும் உடனிருந்ததும்தான், நீதிமன்றத்தில் வாதாடியது அல்ல. அதை அப்படியே எழுதுங்கள். மனு ஏன் திரும்பியது என்று எழுதத் தயங்கவும் வேண்டாம். பட்டா மாற்ற மனுவை எழுதியது தவறான வழி என்று அந்த மாணவி ஒப்புக்கொண்ட வரிதான் எனக்கு அவருடைய திருத்திய அறிக்கையில் மிகவும் பிடித்த வரி.

திருத்திய அறிக்கையில் பயனாளிகளின் எண்ணிக்கையே இல்லை. அந்தப் பெண்ணின் விவகாரம் இன்னும் முடியவில்லை. அடுத்த அமர்வுக்கு அவர் மாமனார் பட்டாவின் நகலுடன் வரப்போகிறார், மாணவியும் உடன் செல்கிறார்.