ருக்மணி டீச்சர் என்றே எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆவணம் எழுதி வருகிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் எழுதுவேன். ஆனால் அம்மா பெயரில், அப்பா பெயரில் அறக்கட்டளை வைக்க வேண்டும் என்று யாராவது வந்தால், மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பத்திரத்தின் தொடக்கத்திலேயே வருவது பெயர். அதில் அவசரப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெயரைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர் பீளமேட்டைத்தான் முதலில் சொல்வேன். பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு மகன்கள். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. 1926இல் அப்படி உருவானதுதான் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ். அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். தந்தைக்கு அடைமொழி எதுவும் இல்லை. மகன்கள் நால்வரும் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ‘சன்ஸ்’, பிள்ளைகள், அவ்வளவுதான். இன்று அவினாசி சாலையில் பஸ் ஏறுகிறவர் “பி.எஸ்.ஜி. ஒன்று” என்று கேட்டு டிக்கெட் வாங்குகிறார். பாளையமோ தோட்டமோ போல அது ஓர் இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. ஒரு தந்தையின் பெயர் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வாய்களில் வந்து போகிறது! அதே கோவையில் ஜி.குப்புசாமி நாயுடு பெயரில் எழுந்த நினைவு மருத்துவமனையை ஜி.கே.என்.எம். என்கிறோம். கடைசி எழுத்து ‘மெமோரியல்’. நினைவு என்ற சொல்லும் அங்கே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரே எழுத்தாக.

சரி, எல்லோரும் முதலெழுத்துகளைக் கோத்து வைத்துவிடலாமா? அதற்கு ஒரு பெரிய கல்லூரியோ மருத்துவமனையோ பின்னால் நிற்க வேண்டும். ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் அறக்கட்டளைக்கு மூன்று எழுத்தை வைத்தால் யாருக்கும் யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள்.

அந்த மாதிரி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அவர்கள் வீட்டுப் பெயரை வானொலியில் சொல்வது முறையல்ல. அந்த அம்மையாரை ருக்மணி என்று வைத்துக்கொள்வோம். கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். மூத்த மகன் ஒரு தாளில் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘கல்வித்தாய் அமரர் திருமதி ஆர்.ருக்மணி அம்மாள் நினைவுக் கல்வி மற்றும் சமூகநலப் பொது அறக்கட்டளை’. படிக்கும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. கூட வந்த பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். அவள் ‘ஒளி பவுண்டேஷன்’ என்று வைக்கலாம் என்றாள். “பெரியப்பா, உதவி கேட்டு வருகிற பையன் இவ்வளவு நீளப் பெயரை எப்படிச் சொல்வான்?” என்று கேட்டாள். பெரியவருக்குக் கோபம். “ஒளி என்றால் யார்? எங்கள் அம்மா எங்கே போனாள்?”

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். அதனால் நான் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். “ஊரில் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார்கள்?” இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “ருக்மணி டீச்சர்.”

ருக்மணி டீச்சர் அறக்கட்டளை. பத்திரத்தில் அதைத்தான் எழுதினேன். ‘கல்வித்தாய்’ சொல்ல நினைத்ததை ‘டீச்சர்’ சொல்லிவிடுகிறது. உதவி கேட்டு வருகிற பையனுக்கும் வாசல்படியில் தயக்கம் இருக்காது. டீச்சர் வீட்டுக்குப் போகிற மாதிரிதான். இதை மறுபடியும் சொல்கிறேன்: ஊர் அவரை எப்படி அழைத்ததோ, அதிலிருந்து தொடங்குங்கள். கம்பவுண்டர், போஸ்ட் மாஸ்டர், ராட்டைக்காரர், பூக்கார அம்மா என்று அந்த அழைப்பு எதுவாகவும் இருக்கலாம்.

பெரியவரின் தாளை நான் தூக்கிப் போடவில்லை. அறக்கட்டளைப் பத்திரத்தில் ஷரத்துகளுக்கு முன்னால் முகவுரை எழுதுவோம். இன்னாருக்கு மகளாக இன்ன ஊரில் பிறந்தார், எந்தப் பள்ளியில் பாடம் எடுத்தார், எந்த ஆண்டு மறைந்தார், அவர் நினைவாக இந்த அறக்கட்டளை நிறுவப்படுகிறது என்று ஒரு முழுப் பக்கம். அதைப் பதிவு செய்தால் அலுவலகப் புத்தகத்தில் ஏறிவிடும். மூத்த மகன் அந்தப் பக்கத்தை மூன்று முறை திருத்தித் திருத்தி எழுதச் சொன்னார். அஞ்சலிக்கு உரிய இடம் அதுதான். ‘அமரர்’ என்ற சொல்லும் அங்கேயே இருக்கட்டும். நாற்பது ஆண்டு கழித்துக் கல்விக் கட்டண ரசீதில் அது எதற்கு?

‘கல்வி’ என்ற சொல்லையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டோம். எதற்குச் செலவு செய்யலாம் என்பதை முடிவு செய்வது பத்திரத்தில் உள்ள நோக்கங்கள் என்ற பகுதி. ஆனால் நன்கொடை தருகிறவர் பெயரைத்தானே படிக்கிறார்? நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு அறுவை சிகிச்சைக்கு உதவ வேண்டும் என்றால், கல்வி அறக்கட்டளை ஏன் இதைச் செய்கிறது என்று கேட்பார். சாதிப் பெயரை வாலாகச் சேர்ப்பதற்கும் இதையே சொல்வேன். எல்லோருக்கும் உதவுகிற அறக்கட்டளையாக இருந்தாலும், வெளியே நிற்கிறவர் இது நமக்கு இல்லை என்று போய்விடுவார்.

இனி எழுத்து. வங்கிக் கணக்கு, பான் அட்டை, வருமான வரித் துறையின் பதிவு எல்லாம் பத்திரத்தில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் நடக்கும். நாம் தமிழில் பத்திரம் எழுதுகிறோம். பான் அட்டையோ ஆங்கிலத்தில். ருக்மணியை ஆங்கிலத்தில் எழுதப் பல வழி இருக்கிறது. ‘கே’ ஒன்றா இரண்டா, நடுவில் ‘யு’ வருமா, ‘எம்’முக்குப் பின் ‘ஏ’வா ‘ஐ’யா? ஒரு குடும்பத்தில் பத்திரம் ‘நினைவு அறக்கட்டளை’ என்றது. பான் விண்ணப்பத்தை நிரப்பியவர் ‘மெமோரியல்’ என்பதை விட்டுவிட்டார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் கணக்குத் தொடங்க மறுத்துவிட்டார்கள். பான் அட்டை திருத்தி வரும்வரை, தந்தையின் முதல் நினைவு நாளுக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் பீரோவில் கிடந்தது. அதிலிருந்து நான் பெயர் ஷரத்திலேயே இன்னொரு வரி சேர்க்கிறேன்: “ஆங்கிலத்தில் இப்பெயர் கீழ்க்கண்டவாறு எழுதப்படும்.” அதன் கீழே பெரிய எழுத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, அறங்காவலர்களை விரல் வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்வேன். முற்றுப்புள்ளி, முதலெழுத்துக்குப் பின் இடைவெளி உட்பட.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி தொடங்கினால் பெயருக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவது போன்ற ஏற்பாடு அறக்கட்டளைப் பதிவில் இல்லை. அதே பெயரில் உங்கள் பகுதியில் வேறொன்று இருக்கிறதா என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். இருந்தால் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, காந்தி, நேரு என்று பெயர் உள்ள தந்தையர் நம் ஊர்களில் நிறைய. தேசத் தலைவர்கள் சிலரின் பெயரையும் அரசு ஆதரவு இருப்பது போலத் தோன்றும் பெயரையும் முறைகேடாகப் பயன்படுத்துவதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதனால் அப்பாவின் பெயர் காந்தி என்றால் முதலெழுத்தையும், ஊர் அழைத்த பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். தறிக்கார காந்தி என்றால் தறிக்கார காந்திதான். பதிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள். வணக்கம்.