ஒரு மூட்டை யூரியாவும் 235 யூனிட் மின்சாரமும்

வணக்கம். பசுமை ஹைட்ரஜன் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெயில், காற்று மாதிரி புகையில்லாத வழியில் எடுத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து எடுக்கிற ஹைட்ரஜன் அது. உர ஆலைகளில் முப்பது வருடம் அம்மோனியாப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எதைத் தொட்டாலும் கடைசியில் உர மூட்டையில்தான் வந்து நிற்பேன். இன்றைக்கும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வி. "சார், நம்ம பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை, கடல் வாசலிலேயே கிடக்கிறது. கடல்நீரில் கரண்டை விட்டு ஹைட்ரஜன் எடுத்துவிட வேண்டியதுதானே?"

இதை நான் பன்னிரண்டு வயதில் செய்து பார்த்துவிட்டேன். வாலிநோக்கத்தில் அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. செத்துப்போன டார்ச் கட்டைகளை உடைத்தால் உள்ளே கறுப்பாக ஒரு கரிக்குச்சி இருக்கும், உங்களில் பலர் எடுத்து விளையாடியிருப்பீர்கள். அதில் இரண்டை எடுத்து, ஒரு தம்ளர் கடல்நீரில் நிறுத்தி, நான்கு புதுக் கட்டைகளை வரிசையாக வைத்துக் கம்பி சுற்றினேன். இரண்டு குச்சியிலும் குமிழ் வந்தது. ஒன்று ஹைட்ரஜன், ஒன்று ஆக்ஸிஜன் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆக்ஸிஜனுக்கு வாசனை கிடையாது என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் என் தம்ளரிலிருந்து பஞ்சாயத்துக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்கு வரும் நெடி வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்னத்தடா கலக்கினே?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். புதுக் கட்டைகளை வீணாக்கியதற்கு அப்பா தனியாக ஒன்று வைத்தார்.

அந்த நெடி குளோரின். உப்பு என்பது சோடியமும் குளோரினும். நேர்மின் முனைக்கு வந்ததும் தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிப்பதைவிடக் குளோரினைப் பிரிப்பது அந்தக் குச்சிக்குச் சுலபம். மறுபக்கம் இன்னொரு சங்கடம். ஹைட்ரஜன் வரும் முனையைச் சுற்றித் தண்ணீர் காரமாகிறது. கடல்நீரில் உள்ள மெக்னீசியம் அங்கே வெள்ளைப் பசையாகப் படிந்து, சுண்ணாம்பு அடித்தது போல முனையை மூடிவிடுகிறது. உப்பு எடுத்தபின் பாத்தியில் நிற்கிற நீர் கசக்கிறதே, அதே மெக்னீசியம்தான். குளோரினைத் தாங்குகிற முனை, பசை படியாத முனை என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கிறது. நடக்கட்டும்.

ஆனால் கணக்குப் போட்டால் அந்தப் பாடு எதற்கு என்று தோன்றும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது லிட்டர் சுத்த நீர் வேண்டும். சேதாரத்தையும் சேர்த்து இருபது லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கினார்களே, அந்த முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். இருபது லிட்டருக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த நீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க எவ்வளவு ஆகும் தெரியுமா? இன்றைய இயந்திரங்களில் 50 முதல் 55 யூனிட். நான் 52 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஆக, உப்பை எடுக்கிற செலவு மொத்தத்தில் தூசு. செலவு முழுக்க நீரைப் பிளப்பதில்தான். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இனி சொல்வதெல்லாம் இதில்தான் நிற்கிறது: ஒரு கிலோ ஹைட்ரஜன், 52 யூனிட்.

சரி, இவ்வளவு கரண்டைக் கொட்டி எடுத்த ஹைட்ரஜனை எங்கே போடுவது? பஸ் ஓட்டலாம், சமைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கரண்டை நேராக பேட்டரியில் ஏற்றியே பஸ் ஓட்டலாம் என்பேன் நான். கரண்ட் நேராகச் செய்ய முடிகிற வேலைக்கு ஹைட்ரஜன் எதற்கு? ஹைட்ரஜன் என்ற பொருளே வேண்டியிருக்கிற இடங்கள் உண்டு. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்குகிற வேலை இன்னொன்று, இன்று அதை நிலக்கரி செய்கிறது. மூன்றாவது அம்மோனியா. அது நம் வாசல் விஷயம்.

வாசல் என்று சும்மா சொல்லவில்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்துக்கு அடியில் இயற்கை எரிவாயு இருக்கிறது. வழுதூரில் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2021இல் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் திறந்தார்கள். அதுவரை நாப்தா என்ற பெட்ரோலிய எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த அங்குள்ள உர ஆலை நம் ஊர் காஸுக்கு மாறியது. காஸும் நீராவியும் சேர்ந்து 800 டிகிரி சூட்டில் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும், காஸில் இருந்த கரி கரியமில வாயுவாகப் பிரியும். ஹைட்ரஜனைக் காற்றில் உள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அதிலிருந்து யூரியா. திருவாடானை வயலுக்கும் முதுகுளத்தூர் மிளகாய்க்கும் போடுகிற மூட்டையில் நம் மண்ணுக்கு அடியில் கிடந்த காஸ் திரும்பி வந்திருக்கலாம்.

இப்போது அந்த மூட்டையைக் கையில் எடுங்கள். 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு, மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. இந்த 45 கிலோ யூரியா செய்ய இருபத்தைந்தரைக் கிலோ அம்மோனியா வேண்டும். அந்த அம்மோனியாவில் ஹைட்ரஜன் நாலரைக் கிலோ. நாலரையை 52ஆல் பெருக்குங்கள். 234 வரும், 235 என்று வையுங்கள். ஒரு மூட்டை யூரியாவுக்கு 235 யூனிட்! சிக்கனமான குடும்பத்துக்கு இரண்டு மாதக் கரண்ட் பில். யூனிட் மூன்று ரூபாய்க்குக் கிடைத்தாலும் மின்சாரச் செலவு மட்டும் 700 ரூபாய் தாண்டும். இயந்திரத்தின் விலையை நான் இன்னும் தொடவே இல்லை.

கமுதிப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், 648 மெகாவாட் சூரியத் தகடுகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி யூனிட் தரும் என்று வையுங்கள். அத்தனையையும் ஹைட்ரஜனுக்கே கொடுத்தால் 42 லட்சம் மூட்டைக்குப் போதும், அதாவது சுமார் 1,90,000 டன் யூரியா. தூத்துக்குடி ஆலையின் ஆண்டுத் திறன் 6 லட்சம் டன்னுக்குச் சற்று மேல். கமுதி முழுவதும் சேர்ந்தும் அதில் மூன்றில் ஒரு பங்கு எட்டவில்லை.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கூட்டங்களில் பேசுகிற பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யூரியாவுக்கு அம்மோனியா மட்டும் போதாது, கரியமில வாயுவும் வேண்டும். ஒரு மூட்டைக்கு 33 கிலோ. இன்று அது காஸிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது கூடவே இலவசமாக வருகிறது, கிட்டத்தட்ட யூரியாவுக்கே சரியாய்ப் போகிறது. தண்ணீரைப் பிளந்தால் ஹைட்ரஜன் வரும், ஆக்ஸிஜன் வரும், கரி எங்கிருந்து வரும்? காஸை நிறுத்திய அன்றே யூரியாவும் நிற்கும். அனல்மின் நிலையப் புகையிலிருந்து பிடிக்கலாம், அது வேறொரு செலவு. பிடித்துப் போட்டாலும் யூரியா வயலில் கரைந்ததும் அந்த 33 கிலோவும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

இதற்கு விடையை நம் நாட்டிலேயே 1961இல் செய்து வைத்திருக்கிறார்கள். பஞ்சாபில் நங்கல் உர ஆலை. பக்ரா அணை மின்சாரத்தில் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா செய்தார்கள். பசுமை ஹைட்ரஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. அந்த ஆலையில் அணு உலைகளுக்கு வேண்டிய கனநீரும் எடுத்தார்கள், அது தனிக்கதை, நேரம் இருந்தால் சொல்வேன். நான் சொல்ல வந்தது, அங்கே செய்தது யூரியா இல்லை, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட். அதன் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வருகிறது, கரியமில வாயு தேவையில்லை. பின்னால் எண்ணெயை மூலப்பொருளாக வைத்து யூரியாவுக்குப் போனார்கள். அன்றைக்கு அது மலிவு.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் யூரியா வேண்டாம். டிஏபி, காம்ப்ளெக்ஸ் உரங்களைப் பிடியுங்கள். அவற்றில் நைட்ரஜனுக்கு அம்மோனியாவே போதும், கரியமில வாயு வேண்டாம். அந்த அம்மோனியாவை நாடு கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறது, தூத்துக்குடித் துறைமுகத்திலும் இறங்குகிறது. கப்பல் அம்மோனியாவின் இடத்தில் கடற்கரையில் செய்த அம்மோனியாவை வைத்தால் ஆலையில் எதையும் மாற்ற வேண்டாம். இந்த வகை ஆலைகளுக்காக நடந்த அரசு ஏலத்தில் 2025இல் பசுமை ஹைட்ரஜனில் செய்த அம்மோனியாவுக்குக் கிலோ சுமார் 50 முதல் 65 ரூபாய்க்குள் விலை வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், நான்கு நிமிடமாம். கனநீர் போச்சு. மேகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நீரைப் பிளக்கும் இயந்திரத்தில் ஹைட்ரஜன் பக்கத்துக்கும் ஆக்ஸிஜன் பக்கத்துக்கும் நடுவே ஒரு சவ்வு உண்டு. காரக் கரைசலில் ஓடுகிற பழைய வகையில் கொஞ்சம் ஹைட்ரஜன் அதைத் தாண்டிக் கசியும். முழு வெயிலில் ஆக்ஸிஜன் நிறைய வருவதால் அந்தக் கசிவு நூற்றில் அரைக்கும் கீழே கரைந்து போகும். மேகம் மறைத்து மின்சாரம் கால்வாசியானால் ஆக்ஸிஜனும் கால்வாசியாகும், ஆனால் கசிவு பெரிதாகக் குறையாது. ஒரு சிட்டிகை உப்பு ஒரு அண்டா ரசத்தில் தெரியாது, ஒரு கரண்டி ரசத்தில் கரிக்கும். நான் நின்று பார்த்த ஒரு சோதனை ஓட்டத்தில் ஆக்ஸிஜனில் ஹைட்ரஜன் 0.4 சதவீதம் என்று காட்டிய மீட்டர், ஒரு மேகம் கடப்பதற்குள் 1.6க்கு ஏறியது. 4 சதவீதம் தொட்டால் தீப்பிடிக்கக்கூடிய கலவை, அதனால் 2இல் தானாக நிற்கும்படி வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த தம்பி சவ்வு கிழிந்துவிட்டது என்று கழற்றப் போனான். வேண்டாம் என்றேன். மேகம் போனதும் மீட்டர் இறங்கினால் சவ்வில் குறையில்லை. முழு மின்சாரத்திலும் மீட்டர் இறங்காமல் நின்றால்தான் கழற்ற வேண்டும். அன்றைக்கு இறங்கியது.

அம்மோனியா உலையின் கதை வேறு. நானூறு டிகிரிக்கு மேல் சூடு, காற்றழுத்தத்தைப்போல் நூற்றைம்பது மடங்கு அழுத்தம். அதைத் தினமும் சாயங்காலம் அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. ராத்திரிக்கு ஹைட்ரஜனைத் தேக்கி வைக்க வேண்டும், அல்லது காற்றாலை மின்சாரம் வேண்டும். நம் கரையில் ஆடிக் காற்று... நேரம் முடிந்ததாம். காற்றாலைக்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன். வணக்கம்.