திரை அணைந்ததும் நின்றுபோகும் அப்டேட்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் கைபேசி திருத்தும் வேலை செய்கிறேன். ஸ்மார்ட் வாட்ச், கையில் கட்டும் பேண்ட், இயர்பட் என்று கொண்டுவருகிறவர்களில் பலர் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள்: "அப்டேட் பாதியில நிக்குது." கூடவே, "சிக்னல் சரியில்லைப் போல" என்றும் சொல்வார்கள்.

சிக்னலைக் குறை சொல்வதற்கு முன், அந்த அப்டேட் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். அதற்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் நிறுவனத்தின் சர்வரிலிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. அதற்குத்தான் டேட்டாவோ வைஃபையோ வேண்டும். பிறகு போனிலிருந்து வாட்ச்சுக்குப் போகிறது. அது புளூடூத் வழியாக, அதுவும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற வகைப் புளூடூத். எத்தனை அடி நடந்தீர்கள், இதயம் எவ்வளவு துடித்தது என்று சின்னச் சின்னத் தகவல்களை அனுப்புவதற்கென்றே வந்தது அது. பெரிய கோப்பு ஒன்றை அதன் வழியே அனுப்பினால் மெதுவாகத்தான் போகும்.

உவர்மலையில் இருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வந்தார். காலையில் கடற்கரையோரம் நடக்கிறவர், அதற்காகவே வாட்ச் வாங்கியவர். அப்டேட் 20 வீதம் வரை போகும், அங்கே நிற்கும், மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும். "டேட்டாவும் புதுசாப் போட்டுப் பார்த்திட்டன் தம்பி" என்றார். "அப்டேட்டைத் தொடங்கிவிட்டு என்ன செய்வீர்கள், மாஸ்டர்?" என்று கேட்டேன். "போனை மேசையில வச்சிட்டுச் சாப்பிடப் போவன்" என்றார். காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். அவருடைய கோப்பு ஏறக்குறைய 12 எம்பி. போனுக்குள் அது சட்டென்று இறங்கிவிட்டது. வாட்ச்சுக்கு அது செக்கனுக்குப் பத்து கேபி வேகத்தில் போனது. அப்படியென்றால் 1200 செக்கன், அதாவது 20 நிமிடம் வேண்டும். மேசையில் வைத்த போனின் திரை கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அதன்பின் பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னால் ஓடுகிற செயலிகளை போன் ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கும். வாட்ச்சின் செயலியும் அதில் மாட்டிக்கொள்கிறது. நாலு நிமிடத்தில் தூங்கினால் 20 வீதத்தில் நிற்கும். மாஸ்டருக்கு நடந்தது அதுவேதான்.

இது உங்களிடமும் நடக்கிறதா என்று அறிய, கோப்பு போனுக்குள் இறங்கி, வாட்ச்சுக்கு அனுப்பத் தொடங்கியதும் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துப் பாருங்கள். வீதம் இன்னும் ஏறினால் சிக்னலில் பிழை இல்லை. அடுத்து, திரை அணையும்போதுதான் நிற்கிறதா என்று கவனியுங்கள். மாஸ்டரின் ஆண்ட்ராய்டு போனில் Settings, Apps என்று போய், வாட்ச்சின் செயலியைத் தேர்ந்து, Battery என்ற இடத்தில் Unrestricted என்று மாற்றினேன். சில போன்களில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் வேறாக இருக்கும். போனையும் வாட்ச்சையும் அருகருகே வைத்து, செயலியைத் திறந்தபடியே, திரை அணையாமல் பார்த்துக்கொண்டோம். கணக்குப் போட்டபடி 20 நிமிடம் கடந்ததும் முடிந்தது. திரும்பவும் சொல்கிறேன், திரை அணையக் கூடாது.

பாதியில் நின்றால் வாட்ச் பழுதாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலான வாட்ச்சுகள் புதிய கோப்பைத் தனி இடத்தில் சேர்த்துவைக்கும். முழுவதும் வந்து, அது சரியான கோப்புத்தான் என்று சோதித்த பிறகே பழையதை மாற்றும். அதனால் அனுப்பும் கட்டத்தில் அறுந்தால் பாதகமில்லை, பழையபடி ஓடும். கவனம் தேவைப்படுவது 100 வீதம் ஆன பிறகுதான். வாட்ச் தானாக அணைந்து எழும்பும் அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தாதீர்கள். அங்கே சார்ஜ் தீர்ந்தால் வாட்ச் எழும்பாமலே போகலாம். 30 வீதம், 50 வீதம் சார்ஜ் இருந்தால்தான் தொடங்குவேன் என்று செயலி அடம்பிடிப்பது அதற்காகத்தான்.

இயர்பட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், பாட்டும் கோப்பும் ஒரே வானலையில்தான் போகின்றன. பெட்டிக்குள் வைக்க வேண்டுமா, காதில் இருக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், செயலி சொல்கிறபடி செய்யுங்கள். ஒரு பக்கம் அப்டேட் ஆகி மற்றப் பக்கம் ஆகாமல் நின்றால், அந்தப் பக்கத்தில் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெக்கையில் வியர்வை படிந்து, சார்ஜ் ஏறும் சின்ன உலோகப் புள்ளிகள் மூடிப்போகும். உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டையும் பெட்டியில் வைத்து முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.